கானோவின் கடலைக் குவியல்கள் எங்கே போயின? எண்ணெய் நாடுகள் பற்றிக் கேள்வி பதில்

போன மாதம் கோத்தகிரியில் நம் வாசகர் வட்டம் கூடியபோது, "எண்ணெய் கிடைத்த நாடுகள் சிலவற்றுக்கு அந்த எண்ணெயே சாபமாகிவிட்டது" என்று ஒரு வாக்கியம் சொன்னேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க எல்லோரும் ஓடிவிட்டோம். அதற்கப்புறம் வந்து சேர்ந்த கேள்விகள் இவை. நான் 1979 முதல் 1985 வரை வடக்கு நைஜீரியாவில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கும் பொருளாதாரமும் சொல்லிக்கொடுத்தவன். அதனால் எந்த நாட்டைப் பற்றிக் கேட்டாலும் என் பேச்சு நைஜீரியாவில்தான் போய் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டபெட்டு, சிறு தேயிலை விவசாயி: சார், பூமியைத் தோண்டினால் பணம் வருகிறது. அப்படிப்பட்ட நாடு எப்படி ஏழையாகும்? எனக்கு இது புரியவே இல்லை.

நீங்கள் கொழுந்து போடுகிறவர். உங்களுக்குத்தான் இது எல்லோரையும்விடச் சீக்கிரம் புரியும். கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். நம் தேயிலைத் தூள் கிலோ 2 டாலருக்கு வெளிநாடு போகிறது, டாலர் 80 ரூபாய். தொழிற்சாலைக்குக் கிலோவுக்கு 160 ரூபாய் வருகிறது. உங்களுக்குக் கொடுக்கும் கொழுந்து விலை, விறகு, கரண்ட், கூலி எல்லாம் சேர்த்து 140 ஆகிறது. 20 ரூபாய் மிஞ்சுகிறது.

இப்போது நம் கடலில் பெரிய எண்ணெய் வயல் ஒன்று அகப்படுகிறது. கப்பல் கப்பலாக எண்ணெய் போக, டாலர் வந்து குவிகிறது. எது அதிகமாகக் கிடைக்கிறதோ அதன் விலை இறங்கும், டாலருக்கும் அதே கதிதான். 80 ரூபாய்க்கு விற்ற டாலர் 50-க்கு வருகிறது. அதே தூள், அதே 2 டாலர். ஆனால் தொழிற்சாலைக்கு வருவது 100 ரூபாய்தான். செலவு 140-லேயே நிற்கிறது. இல்லை, நிற்கவும் நிற்காது. எண்ணெய்ப் பணத்தில் எல்லா ஊரிலும் கட்டடம் எழும்பும். சித்தாளுக்குக் கூட இரண்டு மடங்கு கூலி என்றால் கொழுந்து பறிக்க யார் வருவார்? தொழிற்சாலை உங்கள் கொழுந்து விலையைக் குறைக்கும், அப்புறம் மூடும்.

இதில் யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். நாட்டின் மொத்த வருமானம் ஏறியிருக்கிறது. தேயிலை மட்டும் செத்துப்போனது. நெதர்லாந்தில் 1959-ல் குரோனிங்கன் பக்கம் பெரிய எரிவாயு வயல் கிடைத்து, பிறகு அந்த நாட்டின் மற்ற தொழில்கள் தள்ளாடியபோது, ஒரு லண்டன் பத்திரிகை 1977-ல் இதற்கு "டச்சு நோய்" என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"சரி, எண்ணெயில்தான் வருகிறதே, தேயிலை போனால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். எண்ணெய்க் கிணற்றில் சில ஆயிரம் பேருக்குத்தான் வேலை. தேயிலையில் லட்சக்கணக்கானவர்களுக்கு. அதைவிடப் பெரிய தொல்லை, எண்ணெய் விலை ஒருநாள் பாதியாகிவிடும். அன்றைக்குத் தேயிலைக்குத் திரும்பலாம் என்று பார்த்தால், பத்து வருடம் கவாத்து பண்ணாத செடி மரமாகி நிற்கும், பறிக்கத் தெரிந்தவர்கள் சிதறியிருப்பார்கள், வாங்கிக்கொண்டிருந்தவன் கென்யாவுக்குப் போயிருப்பான்.

ஊட்டி, சுற்றுலா வண்டி ஓட்டுநர்: அண்ணா, இதெல்லாம் சுற்றி வளைக்கிற பேச்சு. தலைவர்கள் பணத்தைச் சுருட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். லஞ்சம்தான் காரணம் என்று ஒரு வரியில் சொல்லிவிட வேண்டியதுதானே?

பாதி சரி தம்பி. நைஜீரியாவில் சுருட்டினார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு அரசாங்கம் தன் பணத்தை மக்களிடம் வரியாக வாங்கும்போது மக்கள் கணக்குக் கேட்பார்கள். கிணற்றிலிருந்து நேராகக் கஜானாவுக்கு வந்தால் கேட்க ஆள் இல்லை. இந்தப் பக்கம் உண்மைதான்.

ஆனால் லஞ்சம் மட்டும் என்றால் இந்தோனேசியா இடிக்கிறது. அங்கேயும் அதே காலத்தில் எண்ணெய், அங்கேயும் ராணுவத் தளபதி ஆட்சி. சுகார்த்தோ குடும்பம் சேர்த்த சொத்து உலகப் பிரசித்தம். 1975-ல் அவர்களுடைய அரசு எண்ணெய் நிறுவனம் பெர்டமினா, 1,000 கோடி டாலருக்கு மேல் கடனை வைத்துக்கொண்டு கட்ட முடியாமல் விழித்தது. நேர்மையில் இரண்டு நாட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 1980-களின் நடுவில் பார்த்தால் இந்தோனேசியா தன் அரிசியைத் தானே விளைவித்தது, நைஜீரியா ஒரு காலத்தில் உலகத்துக்கு ஏற்றுமதி செய்த பாமாயிலைக்கூட இறக்குமதி செய்துகொண்டிருந்தது. இரண்டு இடத்திலும் திருட்டு இருந்தும் விளைவு ஏன் மாறியது? எனக்குச் சுவையான கேள்வி அதுதான். கீழே ஒருவர் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறேன்.

குன்னூர், கல்லூரி மாணவி: அரசாங்கம் அந்தப் பணத்தைச் சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று செலவழித்தால் நல்லதுதானே சார்? அதில் என்ன நோய்?

செலவழித்த வேகம்தான் நோய் அம்மா. 1973 கடைசியில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், பீப்பாய் 3 டாலருக்குச் சுற்றிக்கொண்டிருந்த விலை 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. ஒரே வருடத்தில் நான்கு மடங்கு. நைஜீரிய அரசுக்குத் தலைகால் புரியவில்லை.

சிமெண்ட் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ராணுவ முகாம்கள், சாலைகள், வீடுகள் என்று திட்டம் போட்டு, உலகம் முழுவதும் சிமெண்டுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். மொத்தம் 2 கோடி டன். அதில் பாதுகாப்பு அமைச்சகத்தின் பங்கு மட்டும் 1 கோடியே 60 லட்சம். லாகோஸ் துறைமுகத்தால் வருடத்துக்கு இறக்க முடிந்ததோ சுமார் 10 லட்சம் டன். 1975-ல் நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றன, பாதிக்கு மேல் சிமெண்ட். கப்பல் நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். ஈரக் காற்றில் மூட்டைகள் அப்படியே கல்லாயின. அரிசியும் மருந்தும் கொண்டுவந்த கப்பல்களும் அதே வரிசையில் மாட்டிக்கொண்டன. நான் போனபோது இது பழைய கதையாகிவிட்டது. ஆனாலும் டீக்கடை மாதிரியான இடங்களில் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள்.

இன்னொன்று சம்பளம். 1974-ல் உடோஜி என்பவர் தலைமையில் இருந்த குழுவின் பரிந்துரைப்படி அரசு ஊழியர் சம்பளத்தைத் தாராளமாக உயர்த்தி, பின்தேதியிட்டு மொத்தமாக அரியரும் கொடுத்தார்கள். கையில் பணம், கடையில் சாமான் இல்லை. தனியார் கம்பெனிகளிலும் அதே உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். 1975-ல் விலைவாசி ஒரே வருடத்தில் முப்பது சதவீதத்துக்கு மேல் ஏறியது.

மேலே விவசாயிக்குச் சொன்ன கணக்கில் டாலர் 80-லிருந்து 50-க்கு விழுந்தது என்றேன். நைஜீரியாவில் அப்படி ஒரே நாளில் நடக்கவில்லை. அந்த நாட்டு நாணயமான நைராவின் மதிப்பை அரசு கிட்டத்தட்ட ஒரே இடத்தில் பிடித்து வைத்திருந்தது. ஒரு நைராவுக்கு ஒன்றரை டாலருக்கு மேல் கிடைக்கும். 1980 வாக்கில் 1.80 டாலர். ஆனால் உள்ளே கூலி, வாடகை, மரவள்ளிக் கிழங்கு எல்லாம் பல மடங்காகிவிட்டன. டாலர் விலை இறங்கினாலும் ஒன்றுதான், டாலர் விலை நிற்க உள்ளூர்ச் செலவு ஏறினாலும் ஒன்றுதான். கொக்கோ விவசாயிக்கு நடுவில் நசுங்குவது நிச்சயம். இந்த இரண்டாவது வழி வெளியே தெரியாது, அதனால் ஆபத்து அதிகம். செய்தித்தாளில் "நம் நாணயம் பலமாக இருக்கிறது" என்று வரும்.

குன்னூர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி: கானோ கடலைக் குவியல்கள் மறைந்ததற்கு எண்ணெய்தான் காரணம் என்று அன்று நீங்கள் சொன்னதை ஏற்க முடியவில்லை. 1972-74 வறட்சி, அதற்கடுத்து வந்த செடி நோய், கொள்முதல் வாரியம் அடித்த கொள்ளை, இதையெல்லாம் விட்டுவிட்டீர்களே?

மாட்டிக்கொண்டேன். அன்று மழை அவசரத்தில் நான் சொன்னது மிகைதான்.

மற்றவர்களுக்காக: கானோ வடக்கு நைஜீரியாவின் பெரிய வியாபார நகரம். நிலக்கடலை மூட்டைகளைக் கோபுரம் கோபுரமாக அடுக்கி வைத்திருப்பார்கள், ஒன்றில் 15,000 மூட்டைவரை இருக்கும். ரயில் வந்து எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும். அந்தக் காலத்துத் தபால்தலையில்கூட அந்தப் படம் உண்டு. நான் 1979-ல் போனபோது ஒரு கோபுரமும் இல்லை. என்னோடு வேலை பார்த்த ஹௌசா ஆசிரியர் ஒருவர் காலி மைதானத்தைக் காட்டி "இங்கேதான்" என்றார்.

நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை. வறட்சி வந்தது, 1975-ல் ரோசெட் என்ற வைரஸ் நோய் செடிகளைச் சுருட்டிப் போட்டது. வறட்சி நம் நாட்டிலும்தான் வருகிறது, அடுத்த மழையில் விவசாயி மறுபடி விதைக்கிறான். அங்கே பெரும்பாலானவர்கள் கடலைக்குத் திரும்பவில்லை, சோளத்துக்கும் கம்புக்கும் போனார்கள், அல்லது நகரத்துக்கே போனார்கள். கடலை போட்டால் கட்டுப்படியாகாது என்று அவர்கள் போட்ட கணக்கில் எண்ணெய்க்குப் பங்கு உண்டு என்பது என் கட்சி. எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

கொள்முதல் வாரியம் விஷயத்தில் உங்கள் பக்கம் இன்னும் பலம். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய அந்த வாரியங்கள், கொக்கோவோ கடலையோ விவசாயியிடம் உலக விலையைவிட நன்றாகக் குறைத்து வாங்கி, வித்தியாசத்தை அரசு எடுத்துக்கொள்ளும். எண்ணெய் பெரிதாக வருவதற்கு முன்பே இது நடந்தது. 1977-ல் உலகச் சந்தையில் கொக்கோ விலை உச்சிக்குப் போனபோதுகூட நைஜீரிய விவசாயிக்கு அதன் பலன் முழுசாகப் போய்ச் சேரவில்லை.

மறுபடி அதே வங்கி அதிகாரி: அப்படியானால் வாரியத்தைக் கலைத்தால் போதும், நாணயத்தைத் தொட வேண்டாம் என்று ஆகிறதே?

அதைத்தான் பிரித்துப் பார்க்க முடியவில்லை. 1986-ல் நைஜீரியா வாரியங்களைக் கலைத்தது. அதே வருடம் செப்டம்பரில் நைராவையும் சந்தையில் விட்டது. இரண்டும் ஒன்றாக நடந்ததும், கைவிட்ட கொக்கோத் தோட்டங்களைத் தேடி ஆட்கள் திரும்பிப் போனார்கள், உற்பத்தி தூக்கியது. வாரியம் போனதாலா, நாணயம் இறங்கியதாலா? நீங்கள் முதலாவது என்பீர்கள், நான் இரண்டும் என்பேன். அடுத்த கூட்டத்தில் டீயோடு தொடரலாம்.

கூடலூர், எஸ்டேட் மேற்பார்வையாளர்: எங்கள் பக்கம் ஆள் கிடைப்பதே இல்லை. கேரளாவில் கூலி அதிகம் என்று எல்லை தாண்டிப் போய்விடுகிறார்கள், மிச்சப் பேர் திருப்பூர். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆள் கூட்டி வந்துதான் ஓட்டுகிறோம். இதுவும் உங்கள் டச்சு நோய்தானா?

இரண்டாகப் பிரிக்க வேண்டும். கேரளாக் கதை அந்த நோய்க்கு உறவு. அங்கே கிணறு இல்லை, ஆனால் வளைகுடாவிலிருந்து வரும் பணம் கிணறு மாதிரிதான். உள்ளூரில் எதையும் விளைவிக்காமல், உற்பத்தி செய்யாமல் வெளியிலிருந்து வருகிறது. வந்த பணம் வீடு கட்டப் போகிறது, கட்டட வேலைக் கூலி ஏறுகிறது, அந்தக் கூலியைக் கொடுக்க முடியாத நெல் வயல் சுருங்குகிறது. சில பொருளாதார அறிஞர்கள் கேரளாவை இந்தக் கண்ணாடி போட்டே பார்த்திருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், அந்தப் பணம் அரசு கஜானாவுக்குப் போகாமல் நேராகக் குடும்பங்களுக்குப் போகிறது. அதனால் சிமெண்ட் கப்பல் வரிசை வரவில்லை.

திருப்பூர் வேறு. பனியன் கம்பெனி கூலி அதிகம் கொடுத்து ஆளை இழுக்கிறது என்றால், அது உலகச் சந்தையில் போட்டி போட்டு ஜெயித்த பணம். அங்கே போன பையன் இரண்டு வருடத்தில் தையலில் தேறுகிறான், பத்து வருடத்தில் நான்கு மெஷின் போட்டுச் சொந்தமாக நடத்துகிறான். உங்கள் எஸ்டேட்டுக்கு வலி ஒன்றுதான் என்றாலும் அது நோய் இல்லை, சாதாரண வளர்ச்சி.

மஞ்சூர், பள்ளி ஆசிரியை: இந்தோனேசியாவும் அதே மாதிரிதான் என்றீர்களே ஐயா. அவர்கள் மட்டும் எப்படித் தப்பினார்கள்?

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

1978 நவம்பர். இந்தோனேசியாவிடம் டாலர் கையிருப்பு போதுமான அளவு இருந்தது, அவசரம் எதுவும் கழுத்தைப் பிடிக்கவில்லை. அப்படியிருந்தும் ஒருநாள் அரசு தன் ரூபியாவின் மதிப்பை இறக்குகிறது. அதுவரை டாலருக்கு 415 ரூபியா, இனி 625. கையில் காசு இருக்கும்போது நாணயத்தை இறக்குகிற அரசை நீங்கள் அதிகம் பார்க்க முடியாது. ரப்பர், காபி, தேயிலை விவசாயிக்கு அதே ஒரு டாலருக்கு இப்போது பாதி மடங்கு கூடுதலாக ரூபியா கிடைத்தது. எண்ணெய் வந்த வருடங்களில் உள்ளே கூலியும் விலையும் ஏறி அவனை நசுக்கியிருந்ததல்லவா, அதில் பெரும்பகுதியை ஒரே கையெழுத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். 1979-ல் எண்ணெய் விலை மறுபடி ஏறி உள்ளூர் விலைவாசி அந்த லாபத்தை மெல்ல அரித்துத் தின்றது. 1983 மார்ச்சில் மறுபடி இறக்கினார்கள், 1986 செப்டம்பரில் இன்னொரு தடவை.

நைஜீரியா அதே காலத்தில் என்ன செய்தது? 1981-க்குப் பிறகு எண்ணெய் விலை சரிய ஆரம்பித்த பின்னும் நைராவைக் கௌரவப் பிரச்சினையாகப் பிடித்துக்கொண்டது. டாலரைப் பங்கு போட்டு உரிமச் சீட்டு கொடுத்தார்கள். சீட்டு கிடைத்தவன் அரசு விலையில் டாலர் வாங்கி வெளியே பல மடங்குக்கு விற்றான். தம்பி சொன்ன லஞ்சம் இருக்கிறதே, அது இந்த இடத்தில்தான் கொழுத்தது. தவறான நாணய விலை திருட்டுக்கு வழி திறந்துவிட்டது.

இந்தோனேசியாவின் மற்றொரு காரியம், பணத்தைக் கிராமத்தில் இறக்கியது. பாலெம்பாங்கில் தங்கள் எரிவாயுவிலிருந்தே யூரியா தயாரித்து, விவசாயிக்கு மலிவாகக் கொடுத்தார்கள். வாய்க்கால்களைச் சீர்செய்தார்கள். 1973 முதல் 1979-க்குள் 61,000 தொடக்கப் பள்ளிகள் கட்டினார்கள். சின்னச் சின்னக் கட்டடங்கள், ஊரில் இருக்கும் கொத்தனாரே கட்டலாம், கப்பல் வரிசை வேண்டாம். 1970-களின் கடைசியில் உலகத்திலேயே அதிகமாக அரிசி இறக்குமதி செய்த நாடு, 1984-ல் தன்னிறைவு என்று அறிவித்தது.

ஏன் அவர்களுக்கு மட்டும் இந்தப் புத்தி வந்தது? 1960-களின் நடுவில் அங்கே விலைவாசி நூற்றுக்கணக்கான சதவீதத்தில் ஏறி ஊரே அரிசிக்கு அலைந்தது. அதைப் பார்த்துப் பதவிக்கு வந்தவர் சுகார்த்தோ. அரிசி விலை ஏறினால் தன் நாற்காலி போகும் என்ற பயம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். அவர்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 1998-ல் அந்த ஆட்சி எப்படிக் கவிழ்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பந்தலூர், இல்லத்தரசி: எங்கள் பாட்டி சொல்வார், பூமித்தாயின் தங்கத்தைத் தோண்டினால் அந்தக் குடும்பம் விளங்காது என்று. தேவாலாவில் வெள்ளைக்காரன் தோண்டி நாசமாய்ப் போனான். நீங்கள் சொல்லும் சாபம் அதுதானே?

பாட்டி சொன்ன சாபம் வேறு அம்மா, ஆனால் தேவாலா விஷயத்தில் பாட்டிக்குச் சரித்திரம் தெரிந்திருக்கிறது. 1880-ஐ ஒட்டி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரவ் ஸ்மித் என்ற சுரங்க நிபுணர் அந்தப் பகுதியைப் பார்த்து நம்பிக்கையாக அறிக்கை கொடுத்தார். லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பங்கு விற்றன. காபித் தோட்டக்காரர்கள் காட்டைச் சுரங்கத்துக்கு என்று சொல்லிக் கொழுத்த விலைக்கு விற்றார்கள். இயந்திரத்தை மலையேற்றி, பாறையை இடித்துப் பார்த்தால் செலவுக்குக்கூடத் தங்கம் தேறவில்லை. சில வருடங்களில் ஏறக்குறைய எல்லாம் மூடியாயிற்று.

அங்கே நாசமானது பங்கு வாங்கிய லண்டன்காரன். நான் சொல்வது நிஜமாகவே நிறையக் கிடைத்தவர்களுக்கு வரும் தொல்லை. தேவாலாவில் கிடைக்கவே இல்லையே!

வெலிங்டன், குவைத்தில் 20 வருடம் இருந்தவர்: குவைத்தில் யார் நசிந்தார்கள்? நான் பார்த்தவரை ராஜாவாக இருக்கிறார்கள். உங்கள் சாபம் ஆப்பிரிக்காவுக்கு மட்டும்தானா?

தலைக்கு எவ்வளவு என்று பாருங்கள். 1980-ல் நைஜீரியா நாளைக்குச் சுமார் 20 லட்சம் பீப்பாய் எடுத்தது, மக்கள் ஏறக்குறைய 7 கோடி. ஆளுக்கு வருடத்துக்குப் பத்து பீப்பாய். அன்றைய உச்ச விலை 35 டாலர் என்று வைத்தாலும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர். குவைத்தும் நாளைக்கு 16, 17 லட்சம் பீப்பாய் எடுத்தது. ஆனால் மக்கள், உங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களையும் சேர்த்து, 14 லட்சத்துக்குள். ஆளுக்கு 400 பீப்பாய்க்கு மேல். குவைத்தில் கெடுவதற்குக் கொக்கோவும் இல்லை, கடலையும் இல்லை. விவசாயமே இல்லாத இடத்தில் விவசாயி நசிய மாட்டான். நாளைக்கு ஒரு டாலர் என்பது ஒரு நாட்டைப் பணக்காரனாக்கப் போதாது, ஆனால் அதன் மற்ற தொழில்களைக் கவிழ்க்கப் போதும். நைஜீரியாவின் துரதிர்ஷ்டம் அந்த நடு அளவு.

கல்லூரி மாணவி மறுபடி: வளம் இருந்தால் வளர்ச்சி குறையும் என்று எண்களை வைத்து நிரூபித்துவிட்டார்களா சார்? தேர்வுக்கு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் இரண்டு பக்கத்தையும் எழுது. 1995-ல் சாக்ஸ், வார்னர் என்ற இருவர், 1970-ல் கனிம, விவசாயப் பொருள் ஏற்றுமதியை அதிகம் நம்பியிருந்த நாடுகள் அடுத்த இருபது வருடம் மெதுவாக வளர்ந்தன என்று காட்டினார்கள். பெரிய பேர் வாங்கிய கட்டுரை. பிறகு 2008-ல் புருன்ஷ்வைலர், புல்டே என்ற இருவர் அதன் அடிமடியிலேயே கை வைத்தார்கள். நீங்கள் அளந்தது மண்ணுக்கடியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல, நாட்டின் மொத்த வருமானத்தில் அதன் ஏற்றுமதிக்கு எவ்வளவு பங்கு என்பதை என்றார்கள். வேறு தொழில் வளராத நாட்டில் அந்தப் பங்கு தானாகவே பெரிதாகத் தெரியும். வளராததால் பங்கு பெரிதா, பங்கு பெரிதானதால் வளரவில்லையா? சரியான கேள்வி. இன்னும் முடிவாகவில்லை. 1967-ல் ஓரபாவில் வைரம் கண்டெடுத்த பின் பல பத்தாண்டுகள் வேகமாக வளர்ந்த போட்ஸ்வானாவையும் மறக்காமல் சேர்த்துக்கொள். தேர்வாளர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கும்.

கோத்தகிரி, பழைய நண்பர்: வாத்தியாரே, ஊரையெல்லாம் அலசிவிட்டீர், உம் கதையைச் சொல்லவில்லையே. நைரா அவ்வளவு பலம் என்றால் உமக்கு லாபம்தானே? பின் ஏன் 85-லேயே பெட்டியைக் கட்டினீர்?

லாபம்தான், ஒப்புக்கொள்கிறேன். எங்களைப் போன்ற வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பலாம், அரசு விலையில். கொக்கோ விவசாயியைக் கவிழ்த்த அதே உயர்ந்த நைராதான் என் சம்பளத்தை ரூபாயில் அவ்வளவு பெரிதாகக் காட்டியது. தபாலில் டிராஃப்ட் வரும் ஒவ்வொரு மாதமும் என் மனைவி இங்கே ஒரு சுவர் எழுப்பினாள். வகுப்பில் டச்சு நோயைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மாலையில் அதன் பலனை அனுபவித்தவன் நான்.

1982-லிருந்து சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது. முதலில் ஒரு மாதம், அப்புறம் மூன்று மாதம். 1983 தொடக்கத்தில் அனுமதி இல்லாமல் இருந்த கானாக்காரர்களை லட்சக்கணக்கில் நாட்டைவிட்டு அனுப்பினார்கள். எங்கள் பள்ளியில் கானாவைச் சேர்ந்த வேதியியல் ஆசிரியர் இருந்தார், அவருக்கு அனுமதி இருந்தும் பயந்து கிளம்பிவிட்டார். அவர் வகுப்பையும் நான் எடுத்தேன். எனக்குத் தெரிந்த வேதியியலை நீர் அறிவீர். சம்பளம் வந்தாலும் ஊருக்கு அனுப்பும் விண்ணப்பம் வங்கியில் மாதக்கணக்கில் தூங்கும், ஏனென்றால் டாலர் இல்லை. 85-ல் கடைசி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, பணத்துக்குக் காத்திராமல் வந்துவிட்டேன்.

என்னோடு இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் "இன்னும் ஒரு வருடம்" என்று தங்கினார். 1986 செப்டம்பர் கடைசியில் நைராவை ஏலத்தில் விட்டபோது, ஒரு டாலருக்கு நாலரை நைராவுக்கு மேல் போயிற்று. அவர் சம்பளம் நைராவில் அதேதான், டாலரில் சில வாரங்களுக்கு முன்பிருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நான் விட்டுவந்த அந்தக் கடைசி விண்ணப்பப் பணம் வரவே இல்லை. எங்கள் வீட்டு மாடி அறை இன்றைக்கும் பூசாமல் நிற்கிறதே, ஏன் என்று நீர் பலமுறை கேட்டிருக்கிறீர்.